வரைவுக் கட்டுரையில் எண்களையும் மூலங்களையும் சரிபார்ப்பது: பயிற்சி உதவியாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆசிரியர் குழுவில் பயிற்சிக்குச் சேருபவர்களிடம் முதல் வாரத்திலேயே ஒரு வரைவைக் கொடுத்து "இதை செக் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எதை, எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பொதுவாகப் பதில் சொன்னால் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பார்ப்போம். பத்தி பயிற்சிக்காக நான் எழுதியது. அதில் உள்ள தகவல்கள் பல வருடங்களாகப் பல மொழிகளில் சுற்றிக்கொண்டிருப்பவைதான்.

> ஒவ்வோர் ஆண்டும் 8 கோடி டன் பிளாஸ்டிக் கடலில் கலக்கிறது. இதில் 90 சதவீதம் வெறும் 10 ஆறுகளிலிருந்து வருவதாக 2017-இல் ஐ.நா. நடத்திய ஆய்வு கண்டறிந்தது. அவற்றில் 8 ஆறுகள் ஆசியாவில் ஓடுகின்றன. இப்படியே போனால் 2050-க்குள் கடலில் மீன்களை விட பிளாஸ்டிக்தான் அதிகம் இருக்கும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள்.

நாலே வாக்கியம்தானே, இதில் எத்தனை விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும்?

வாக்கியங்களை எண்ணாதீர்கள். தவறாக இருக்க வாய்ப்புள்ள ஒவ்வொரு துண்டையும் எண்ணுங்கள். வரைவை அச்செடுத்து, பென்சிலால் அப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட்டு, ஓரத்தில் வரிசை எண் கொடுத்துவிடுங்கள். திரையிலேயே செய்வதானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கமென்ட் போதும்.

முதல் வாக்கியத்தில் எல்லாருக்கும் "8 கோடி" கண்ணில் படும். "ஒவ்வோர் ஆண்டும்" என்பதை விட்டுவிடுவார்கள். அதுவும் ஒரு கூற்றுதான், ஏனென்றால் மூலத்தில் அது ஒரே ஒரு ஆண்டுக்கான கணக்காக இருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தில் 90, 10, 2017 மூன்றும் எண்கள். "ஐ.நா. நடத்திய" என்பது யார் செய்தது என்ற கூற்று. "கண்டறிந்தது" என்பது எப்படிச் செய்தார்கள் என்பதைப் பற்றிய கூற்று. அளந்து பார்த்தார்களா, கணக்குப் போட்டு மதிப்பிட்டார்களா? அப்புறம் "இதில்" என்ற சின்னச் சொல் இருக்கிறதே, இந்தப் பத்தியிலேயே பெரிய தவறு அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைசி வாக்கியத்தில் "விஞ்ஞானிகள்" என்பதற்கும் கோடு போடுங்கள். எந்த விஞ்ஞானிகள்? எண்ணிக்கையிலா எடையிலா அதிகம்? இப்படிப் பார்த்தால் இந்தச் சின்னப் பத்தியில் பத்துக்கும் மேற்பட்ட கோடுகள் விழும். அது சாதாரணம்தான்.

மூலத்தை நானே தேடணுமா, கட்டுரையாளரிடம் கேட்கணுமா?

முதலில் கேளுங்கள். எழுதியவருக்கு எங்கே படித்தோம் என்று தெரியும். நீங்கள் ஒரு மணி நேரம் தேடுவதை அவர் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "ஆதாரம் இருக்கா சார்?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "இரண்டாவது பத்தியில் வரும் 90 சதவீதம் எந்த ஆவணத்தில் இருக்கிறது? லிங்க் அல்லது பிடிஎஃப் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். பொருளைச் சுட்டிக் கேட்டால் பொருள் கைக்கு வரும்.

அவர் அனுப்புவது பெரும்பாலும் இன்னொரு செய்திக் கட்டுரையாக இருக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அது மூலம் இல்லை, மூலத்துக்குப் போகும் வழி.

ஐந்து தளங்களில் ஒரே எண் இருக்கிறது. அது போதாதா?

போதாது. அந்த ஐந்தும் ஒன்றையொன்று பார்த்து எழுதியிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே சாட்சிதான். இதைக் கண்டுபிடிக்க இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, தேதி. ஐந்தையும் தேதி வரிசையில் அடுக்கி, எது முதலில் வந்தது, மற்றவை எதற்கு இணைப்புக் கொடுக்கின்றன என்று பாருங்கள். இரண்டு, சொல்லமைப்பு. "வெறும் 10 ஆறுகள்" என்ற அதே அழுத்தம், அதே வரிசையில் ஆறுகளின் பெயர்கள், அதே உவமை எல்லாவற்றிலும் வந்தால், எல்லாம் ஒரே செய்திக்குறிப்பிலிருந்து கிளம்பியவை.

நம் பத்தியின் 90 சதவீதத்தை இப்படிப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், செய்திகளைத் தாண்டி ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்துக்குப் போய்ச் சேருவீர்கள். அங்கே கிறிஸ்டியன் ஷ்மிட்டும் அவருடைய சகாக்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2017-இல் ஓர் அறிவியல் இதழில் வெளியானது. ஐ.நா. நடத்தியது அல்ல. ஐ.நா.வின் ஏதாவது ஒரு பக்கத்தில் இந்த எண்ணைப் படித்துவிட்டு, சொன்னவரையே செய்தவராக எழுதியிருப்பார் கட்டுரையாளர். இது மிகச் சாதாரணமாக நடப்பது. ஓர் அமைப்பு ஓர் எண்ணை மேற்கோள் காட்டுவதும் அந்த எண்ணை உருவாக்குவதும் வேறு வேறு.

தேடும்போது இந்த மாதிரி வரிகள் உதவும். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டால் அச்சுப் பிசகாமல் அதே தலைப்பு வரும் பக்கங்களைத் தேடுபொறி முன்னால் கொண்டுவரும். மூன்றாவது வரி திருத்தம் ஏதாவது வெளியாகியிருக்கிறதா என்று பார்க்க.

```
"10 rivers" "90 percent" plastic ocean study
"Export of Plastic Debris by Rivers into the Sea"
"Export of Plastic Debris by Rivers into the Sea" correction OR erratum
```

ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாகிவிட்டது. முழுவதும் படிக்கணுமா?

வேண்டாம். ஆனால் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடவும் கூடாது. இந்த ஆய்வு அதற்கு நல்ல உதாரணம்.

சுருக்கத்தில், முதல் 10 ஆறுகள் உலக அளவில் கடலுக்குப் போகும் சுமையில் 88 முதல் 95 சதவீதத்தைக் கொண்டுசெல்கின்றன என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுத்துப் படித்தால், கடலில் சேரும் மொத்த பிளாஸ்டிக் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே சுருக்கத்தில், தாங்கள் கணக்கிடுவது ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கை என்றும், அது ஆண்டுக்கு 4.1 லட்சம் டன்னிலிருந்து 40 லட்சம் டன் வரை இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் "சுமை" ஆறுகளின் சுமை. கடற்கரையில் நேரடியாக விழும் குப்பையோ, கப்பல்களும் மீன்பிடி வலைகளும் விட்டுச் செல்வதோ அதில் சேராது.

ஆக, ஆய்வு சொன்னது: ஆறுகள் கொண்டுவரும் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 90 சதவீதம். வரைவு சொல்வது: கடலில் கலக்கும் மொத்த பிளாஸ்டிக்கில் 90 சதவீதம். எண் மாறவில்லை. எதில் 90 என்பதுதான் மாறிவிட்டது. முன்பு சொன்ன அந்த "இதில்" என்ற சொல் செய்த வேலை இது. சதவீதம் வரும் ஒவ்வோர் இடத்திலும் வரைவின் ஓரத்தில் "எதில்?" என்று எழுதி, அதற்கான பதிலை மூலத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். பல வருட அனுபவத்தில் சொல்கிறேன், எண்ணையே தப்பாக எழுதுபவர்களை விட, சரியான எண்ணைத் தப்பான மொத்தத்தோடு ஒட்டுபவர்கள்தான் அதிகம்.

சுருக்கத்துக்கு அடுத்து செய்முறைப் பகுதியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஷ்மிட் குழு உலகத்தின் எல்லா ஆறுகளிலும் இறங்கி அளக்கவில்லை. 57 ஆறுகளில் வெவ்வேறு ஆய்வாளர்கள் ஏற்கெனவே எடுத்திருந்த அளவுகளை வைத்து, ஓர் ஆற்றின் படுகையில் முறையாகக் கையாளப்படாத குப்பை எவ்வளவோ அதற்கேற்ப ஆற்றில் பிளாஸ்டிக்கும் கூடுகிறது என்ற உறவைக் கண்டு, அதை மற்ற ஆறுகளுக்கும் பொருத்திக் கணக்கிட்டார்கள். எனவே "கண்டறிந்தது" சரியில்லை, "மதிப்பிட்டது" என்று மாற்றச் சொல்லுங்கள். 4.1 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதே இது எவ்வளவு தோராயமான கணக்கு என்பதைக் காட்டிவிடும்.

8 கோடி டன் சரியா? மூலத்தில் 8 மில்லியன் என்று இருக்கிறதே?

தப்பு. ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். 8 மில்லியன் டன் என்றால் 80 லட்சம் டன். வரைவில் பத்து மடங்கு ஏறிவிட்டது. தமிழில் எழுதும் நமக்கென்றே உள்ள பொறி இது. ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இது மனப்பாடமாக இருந்தாலும், மில்லியன் வரும் இடத்திலெல்லாம் பூஜ்ஜியங்களைக் காகிதத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். 12.7 மில்லியன் என்று புள்ளியோடு வரும்போதுதான் கை தடுமாறும். அது 1.27 கோடி.

அந்த 80 லட்சத்துக்கும் ஒரு கதை உண்டு. அது ஜென்னா ஜாம்பெக் தலைமையிலான குழு 2015-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. 192 கடலோர நாடுகளில், 2010-ஆம் ஆண்டில், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வாழும் மக்களின் குப்பையிலிருந்து 48 லட்சம் முதல் 1.27 கோடி டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. 80 லட்சம் என்பது அந்த வீச்சின் நடுவில் உள்ள எண். அது 2010-க்கான கணக்கு; "ஒவ்வோர் ஆண்டும்" என்று எழுதினால் மூலம் சொல்லாததைச் சொன்னதாகும்.

தேடும்போது சில இடங்களில் 8.8 மில்லியன் டன் என்றும் பார்ப்பீர்கள். புதிய ஆய்வு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் டன் சுமார் 907 கிலோ. 80 லட்சம் மெட்ரிக் டன்னை அந்த டன்னுக்கு மாற்றினால் ஏறத்தாழ 88 லட்சம் வரும். இரண்டும் ஒரே குப்பைதான்.

ஒரு எண் அபத்தமா இல்லையா என்று சட்டென்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. வரைவில் இருக்கும் எண்களை ஒன்றோடொன்று மோதவிடுங்கள். ஆறுகள் கொண்டுவருவது அதிகபட்சம் 40 லட்சம் டன். கடலுக்குப் போகும் மொத்தத்துக்கு ஜாம்பெக் கொடுத்த குறைந்தபட்சம் 48 லட்சம். ஆறுகளுக்கு மிகப் பெரிய எண்ணையும் மொத்தத்துக்கு மிகச் சிறிய எண்ணையும் எடுத்துக்கொண்டாலும் எல்லா ஆறுகளும் சேர்ந்தே 83 சதவீதம்தான் வருகிறது. அப்படியிருக்க வெறும் 10 ஆறுகள் மட்டும் மொத்தத்தில் 90 சதவீதம் தருவது எப்படி? நடுவில் உள்ள எண்களை எடுத்தால், அதாவது சுமார் 22 லட்சத்தை 80 லட்சத்தோடு ஒப்பிட்டால், கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள். ஜாம்பெக் எடுத்தது கடலோர மக்களின் குப்பை, ஷ்மிட் எடுத்தது உள்நாட்டுப் படுகைகளையும் சேர்த்த ஆற்றுக் கணக்கு. அடிப்படை வேறாக உள்ள இரண்டு ஆய்வுகளை வகுத்துப் புதிய சதவீதம் உண்டாக்க நமக்கு உரிமை இல்லை. ஏதோ இடிக்கிறது என்று நமக்குள் மணி அடிக்க மட்டும் அது போதும்.

மூலத்தோடு ஒத்துப்போனால் வேலை முடிந்ததா?

இல்லை. அதற்குப் பிறகு என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையின் பக்கத்தில், அதை மேற்கோள் காட்டிய பிற்கால ஆய்வுகளின் பட்டியல் இருக்கும். கூகுள் ஸ்காலரிலும் "Cited by" என்ற இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கி, புதியவற்றின் தலைப்புகளை மட்டும் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

இங்கே தலைப்பே கதையைச் சொல்லிவிடுகிறது. 2021-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் லூரன்ஸ் மெய்யர் முதலியோர் வெளியிட்ட ஆய்வின் தலைப்பு, ஆறுகள் கடலுக்குக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் பொறுப்பு என்கிறது. 10 எங்கே, 1,000 எங்கே! யாரும் பொய் சொல்லவில்லை. பழைய கணக்கில் படுகையின் குப்பைதான் முதன்மை. அதனால் மக்கள் நெருக்கமுள்ள மாபெரும் படுகைகள் மேலே வந்தன. புதிய கணக்கில் மழை, காற்று, நிலத்தின் தன்மை, குப்பை கிடக்கும் இடத்திலிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள தூரம் எல்லாம் சேர்ந்தன. அதனால் கடலோர நகரங்கள் வழியே ஓடும் சிறிய ஆறுகள் முன்னுக்கு வந்துவிட்டன.

மெய்யரின் ஆய்வு தி ஓஷன் கிளீனப் என்ற அமைப்போடு தொடர்புடையது. அந்த அமைப்பு ஆறுகளில் குப்பை பிடிக்கும் கருவிகளை நிறுவும் வேலையும் செய்கிறது. இதனால் ஆய்வு தவறு என்று ஆகிவிடாது. ஆனால் கட்டுரை அந்தக் கருவிகளைப் பற்றியும் பேசினால் இந்தத் தொடர்பை வாசகருக்குச் சொல்ல வேண்டும். ஆய்வுகளின் கடைசியில் நிதி, நலன் முரண் பற்றி ஒரு சின்னப் பகுதி இருக்கும். அதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

8 ஆறுகள் ஆசியாவில் என்பதாவது சரியா?

சரி. ஷ்மிட்டின் பட்டியலில் யாங்சே, சிந்து, மஞ்சள் ஆறு, ஹாய், கங்கை, முத்து ஆறு, ஆமூர், மீகாங் ஆகிய எட்டும் ஆசியாவில். நைலும் நைஜரும் ஆப்பிரிக்காவில். ஓரத்தில் ஒரு டிக் போட்டு, எங்கே பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். டிக் மட்டும் போட்டுவிட்டால் மறுநாள் ஆசிரியர் கேட்கும்போது நீங்களே மறந்திருப்பீர்கள். இன்னொன்று: அந்த எட்டு, 2017 பட்டியலைச் சார்ந்தது. பத்து ஆறு என்ற கூற்றைத் தளர்த்தினால் இந்த வாக்கியமும் தனியாக நிற்காது, அதன் ஆண்டோடு சேர்ந்துதான் நிற்கும்.

மீன்களை விட பிளாஸ்டிக் அதிகம் என்பது எங்கும் சொல்லப்படுகிறதே, அதையும் விடக்கூடாதா?

எங்கும் சொல்லப்படுவதுதான் அதிகம் சரிபார்க்கப்படாதது. ஒவ்வொருவரும் முந்தையவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

இது 2016 ஜனவரியில் எலன் மக்கார்த்தர் அறக்கட்டளையும் உலகப் பொருளாதார மன்றமும் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்தது. அங்கே இரண்டு நிபந்தனைகள் இருந்தன: இப்போதைய போக்கு மாறாமல் தொடர்ந்தால், எடையின்படி. வரைவில் "இப்படியே போனால்" இருக்கிறது, நல்லது. "எடையில்" காணவில்லை. அது இல்லாவிட்டால் வாசகர் எண்ணிக்கையை நினைத்துக்கொள்வார். "விஞ்ஞானிகள்" என்பதையும் அறிக்கையின் பெயராக மாற்ற வேண்டும்.

இதோடு விட்டாலும் ஒரு நெருடல் மிஞ்சும். ஒப்பீட்டின் ஒரு பக்கம் கடலில் உள்ள மொத்த மீன்களின் எடை. அதை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? 2014-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, கடலின் நடு ஆழத்தில் வாழும் மீன்கள் மட்டுமே 1,000 கோடி டன் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதற்கு முன்பு நம்பப்பட்டது சுமார் 100 கோடி டன். ஒரு பக்கத்து எடையே பத்து மடங்கு ஆடும்போது, 2050-இல் எந்தப் பக்கம் தாழும் என்று ஆண்டு குறித்துச் சொல்வது அறிவியலை விட விளம்பர வாசகத்துக்குத்தான் பொருந்தும். நானாக இருந்தால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லிப் பரிந்துரைப்பேன். முடிவு ஆசிரியருடையது.

தவறுகளைக் கட்டுரையாளரிடம் எப்படிச் சொல்வது? அவர் என்னை விட இருபது வருடம் மூத்தவர்.

வயதும் அனுபவமும் இங்கே குறுக்கே வரவேண்டியதில்லை, ஆவணத்தைப் பேச விட்டால். "தப்பு" என்று எழுதாதீர்கள். வரைவு சொல்வது, மூலம் சொல்வது, மாற்று வாசகம் என்று மூன்றையும் ஒரே குறிப்பில் கொடுங்கள். இப்படி:

> ஐயா, 2-ஆம் பத்தி, 2-ஆம் வாக்கியம். வரைவில்: கடலில் கலக்கும் பிளாஸ்டிக்கில் 90%. ஆய்வில்: ஆறுகள் வழியாகப் போகும் பிளாஸ்டிக்கில் 88–95% (சுருக்கம், பிடிஎஃப் இணைத்திருக்கிறேன், மஞ்சளில் குறித்துள்ளேன்). ஆய்வு நடத்தியது ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம், ஐ.நா. அல்ல. 2021-இல் வேறு கணக்கும் வந்திருக்கிறது. கீழே உள்ள வாசகம் சரியாக இருக்குமா, பாருங்கள்.

மாற்று வாசகமாக நான் கொடுப்பது:

> நிலத்திலிருந்து 2010-இல் மட்டும் 48 லட்சம் முதல் 1.27 கோடி டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கும் என்று 2015-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆறுகள் வழியாகப் போகும் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 90 சதவீதத்தை 10 பெரிய ஆறுகளே கொண்டுசெல்வதாக ஜெர்மனி ஆய்வாளர்கள் 2017-இல் கணக்கிட்டார்கள். 2021-இல் வந்த இன்னொரு கணக்கோ, அதில் 80 சதவீதத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளைக் காரணமாகக் காட்டுகிறது.

விறுவிறுப்பு குறைந்துவிட்டது என்பார். உண்மைதான். ஆனால் பத்தா ஆயிரமா என்ற முரணே நல்ல செய்தி என்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பலர் அதையே தொடக்கமாக வைத்துக்கொள்வார்கள். மறுத்தால் வாதாடாதீர்கள். குறிப்பை அப்படியே ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள்.

ஆய்வு கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, என்ன செய்வது?

தலைப்பை அப்படியே தேடினால் ஆய்வாளரின் பல்கலைக்கழகப் பக்கத்திலோ காப்பகத்திலோ இலவசப் பிரதி கிடைக்கும் வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் சுருக்கப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். அப்படியே உங்கள் சந்தேகத்தையும் கேட்டுவிடலாம்: "88–95 என்பது ஆற்றுச் சுமையில்தானே, மொத்தத்தில் அல்லவே?" அந்தப் பதில் எந்தச் செய்திக் கட்டுரையை விடவும் உறுதியானது.

விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், அடிக்குறிப்புகளுக்காக. அங்கிருந்து மூலத்துக்குப் போய்விட்டால் பக்கத்தை மூடிவிடுங்கள். மூலத்துக்குப் போக முடியாத அடிக்குறிப்பு என்றால் அந்தத் தகவல் உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

யார் மீதாவது குற்றம் சொல்லும் வாக்கியங்கள் முதலில். அடுத்து தலைப்பிலும் முதல் பத்தியிலும் உள்ள எண்கள். அப்புறம் பெயர்கள், பதவிகள், ஆண்டுகள். இவை சீக்கிரம் முடியும், தவறினால் வாசகர் கடிதம் நிச்சயம். நேரமில்லாமல் விட்டவற்றை "பார்க்கவில்லை" என்று வெளிப்படையாகக் குறித்துக் கொடுங்கள். பார்க்காததைப் பார்த்ததுபோல வெறுமனே விட்டால், அடுத்தவர் அதைச் சரிபார்த்தது என்றே எடுத்துக்கொள்வார்.

திருத்தம் எல்லாம் ஏற்றாகிவிட்டது. இனி என் வேலை முடிந்ததா?

பக்கம் வடிவமைத்து வந்ததும் ஒரு முறை பாருங்கள். உடல் பத்தியில் திருத்திய 90 சதவீதம், தலைப்பிலும் படக்குறிப்பிலும் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்ட வரியிலும் பழையபடியே இருக்கும். வரைபடம் போட்டவர் வரைவின் முதல் பிரதியை வைத்துக்கொண்டு 8 கோடி என்று வரைந்திருப்பார். சமூக ஊடகத்துக்குத் தனியாக எழுதிவைத்த வரி யார் கண்ணிலும் பட்டிருக்காது. பழைய எண்ணையே தேடல் பெட்டியில் போட்டு ("90", "8 கோடி", "ஐ.நா.") கோப்பு முழுவதும் தேடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் சிக்காது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் திறந்த ஆவணங்களின் பிடிஎஃப், வலைப்பக்கங்களின் காப்பகப் பிரதி, பார்த்த தேதி, வரிசை எண்ணிட்ட அந்த வரைவு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கட்டுரையின் பெயரில் போட்டுவையுங்கள். வலைப்பக்கங்கள் மாறிவிடும், காணாமலும் போகும். `web.archive.org` தளத்தில் அன்றே சேமித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு வாசகர் கேள்வி கேட்டு எழுதும்போது தேட வேண்டியிருக்காது.